ஏழு, மூன்று, ஒன்பது, இரண்டு, ஐந்து

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. புத்தளத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் உயர்தர மாணவிகளுக்குத் தகவல் தொழினுட்பம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உம்மா ஒன்பது வயதான என்னைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த காலத்தில் கிடுகுக் கொட்டிலாக இருந்த எங்கள் வீடு, யுத்தம் முடிந்து சில வருடங்களில் சுவரும் ஓடுமாக மாறியிருந்தது. என் அக்கா, ராத்தாவுக்குக் கலியாணமாகி மூன்று பிள்ளைகள். எனக்கு வந்த வரன்கள் எல்லாம் ஏதோ ஒன்றில் தட்டிப்போயின. உம்மா அதைப் பற்றிக் கதைப்பதை நிறுத்தியிருந்தா. கதைக்காமல் இருந்ததுதான் எனக்குக் கூடுதல் கஷ்டமாக இருந்தது.

அந்த வருடம் எங்கள் கல்வி வலயத்துக்குப் பொதுவாக ஒரே தவணைப் பரீட்சை. விடைத்தாள்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்து, பாடசாலைப் பெயர் தெரியாதபடி இலக்கம் மட்டும் போட்டு, எல்லா ஆசிரியரும் ஓரிடத்தில் கூடித் திருத்த வேண்டும். களப்புப் பக்கத்தில் இருந்த ஆசிரியர் நிலையத்தில், சனிக்கிழமை காலை, ஆறு பேர் கூடினோம். வெளியே முற்றத்து வேப்பமர நிழலில் இரண்டு கழுதைகள் நின்றன. புத்தளத்தில் அவை எங்கேதான் நிற்கவில்லை.

எங்களுக்குப் பிரதம பரீட்சகராக இருந்தவர் ஓய்வுபெற ஒரு வருடம் வைத்திருந்த ஒரு மூத்த ஆசிரியர். எல்லோருக்கும் அவர் பெரிய சேர். கேள்விப் பத்திரத்தில் வரிசைப்படுத்தல் பகுதியைத் தயாரித்தவர் கற்பிட்டியிலிருந்து வரும் ஒரு ஆசிரியர். கூட்டங்களில் அவரைப் பார்த்திருக்கிறேன். மெலிந்த ஆள். கதை குறைவு. மனைவி நோயில் மௌத்தாகி இரண்டு வருடம் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று அவர் வரும்போது கையைப் பிடித்தபடி ஐந்து வயது மகளும் வந்தாள். வெளிறிப் போன முகம், எண்ணெய் தேய்த்து இறுக்கிக் கட்டிய இரட்டைக் குடுமி, ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. ஆண் கை கட்டிய குடுமி என்று பார்த்ததும் தெரிந்தது.

"சேர், குறை நினைக்க வேணாம்" என்று அவர் பெரிய சேரிடம் சொன்னார். "டெங்குக் காய்ச்சல் வந்து இப்பதான் தேறியிரிக்கி. வீட்டுல விட ஆளில்ல."

"அதுக்கென்ன, இருக்கட்டும்" என்றார் பெரிய சேர். பிள்ளை மூலையில் ஒரு கதிரையில் ஏறி உட்கார்ந்து, வாப்பா கொடுத்த பிஸ்கட் பைக்கற்றைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டது.

திருத்தத் தொடங்கினோம். எனக்குத் தரப்பட்ட கட்டில் இருபத்தைந்து முப்பது தாள் இருக்கும். வரிசைப்படுத்தல் கேள்வி இதுதான். ஏழு, மூன்று, ஒன்பது, இரண்டு, ஐந்து என்று ஒரு பட்டியல். அதைச் சிறியதிலிருந்து பெரியதாகக் குமிழி முறையில் வரிசைப்படுத்தும் போலிக்குறிமுறை, அதாவது படிப்படியான கட்டளைகள், அதற்குக் கீழே. மாணவர் அந்தப் போலிக்குறிமுறையின்படி போய், முதலாம் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று முடியும்போது பட்டியல் எப்படி நிற்கும் என்று எழுத வேண்டும். மொத்தம் எத்தனை இடமாற்றம் நடந்தது என்றும் சொல்ல வேண்டும்.

எங்கள் கையில் இருந்த புள்ளித்திட்டத்தில் விடை அச்சாகி இருந்தது. முதலாம் சுற்றின் பின் 2, 7, 3, 9, 5. இரண்டாம் சுற்றின் பின் 2, 3, 7, 5, 9. மூன்றாம் சுற்றின் பின் 2, 3, 5, 7, 9. இடமாற்றம் ஆறு.

என் கட்டின் முதல் தாளில் முதலாம் சுற்றுக்கு 3, 7, 2, 5, 9 என்று இருந்தது. பிழை என்று சிவப்பால் கோடு போட்டேன். இரண்டாம் சுற்றுக்கு 3, 2, 5, 7, 9. அதுவும் பிழை. மூன்றாம் சுற்று சரி. இடமாற்றம் ஆறு, அதுவும் சரி. அடுத்த தாளை எடுத்தேன். அதே விடை, அதே பிழை, அதே சரி. அதற்கடுத்ததும் அப்படியே.

நாலாவது தாளில் பேனையை வைத்துவிட்டேன். பக்கத்தில் வந்து எட்டிப்பார்த்த பெரிய சேர் தாள்களைப் புரட்டினார்.

"கட்டு முழுக்க ஒரே பிழை" என்றார். "டீச்சர், இது பாத்து எழுதினது. இல்லாட்டி அங்க படிப்பிச்ச ஆள் பிழையாப் படிப்பிச்சிருக்கு. தனியா எடுத்து வைங்க. வலயத்துக்கு அறிக்கை எழுதுவம்."

"பொறுங்க சேர். எனக்கு ஒரு சந்தேகம்."

"என்ன சந்தேகம்?"

"பாத்து எழுதின பிள்ளையள் எண்டா, சுற்று ரெண்டும் பிழையா இருக்க, இடமாற்றம் மட்டும் எப்பிடி எல்லாருக்கும் சரியா வரும்?"

"அதையும் பாத்து எழுதியிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் தன் இடத்துக்குப் போனார். எனக்கு மனம் ஆறவில்லை. அந்த எழுத்துகளைத் திரும்பவும் பார்த்தேன். சில பிள்ளைகள் ஓரத்தில் பென்சிலால் ஒவ்வொரு ஒப்பீட்டையும் போட்டுப் பார்த்திருந்தார்கள். வெட்டியும் திருத்தியும் இருந்தது. பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுபவர் இப்படி வெட்டித் திருத்த மாட்டார்.

ஒரு வெற்றுத் தாளை எடுத்தேன். புள்ளித்திட்டத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கேள்விப் பத்திரத்தில் இருந்த போலிக்குறிமுறையை மட்டும் பார்த்தேன். அது சொன்னது சுருக்கமாக இவ்வளவுதான். பட்டியலின் முதல் இடத்திலிருந்து தொடங்கு. நிற்கும் எண்ணையும் அடுத்த எண்ணையும் ஒப்பிடு. முன்னால் நிற்பது பெரிது என்றால் இரண்டையும் மாற்று. ஓரிடம் தள்ளிப்போய் அதையே செய். கடைசி வந்ததும் ஒரு சுற்று முடிந்தது. அடுத்த சுற்றில் கடைசி இடத்தைத் தொட வேண்டாம், அங்கே பெரியது வந்து உட்கார்ந்துவிட்டது.

ஏழும் மூன்றும். ஏழு பெரிது, மாற்றினேன். 3, 7, 9, 2, 5. ஏழும் ஒன்பதும், மாற்ற வேண்டாம். ஒன்பதும் இரண்டும், மாற்றினேன். 3, 7, 2, 9, 5. ஒன்பதும் ஐந்தும், மாற்றினேன். 3, 7, 2, 5, 9.

பிள்ளைகள் எழுதியிருந்தது எழுத்துக்கு எழுத்து அதேதான்.

நான் பிழைவிட்டேனோ என்று இன்னொரு தாளில் முதலிலிருந்து செய்தேன். அதுவேதான் வந்தது. அப்படியென்றால் புள்ளித்திட்டத்தில் இருந்த 2, 7, 3, 9, 5 எங்கிருந்து வந்தது? கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு பட்டியலைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் பார்த்தேன். இரண்டும் ஐந்தும், மாற்ற வேண்டாம். ஒன்பதும் இரண்டும், மாற்று. மூன்றும் இரண்டும், மாற்று. ஏழும் இரண்டும், மாற்று. 2, 7, 3, 9, 5. கிடைத்துவிட்டது. திட்டம் எழுதியவர் வலமிருந்து வந்திருக்கிறார். சிறியதைத் தலைக்குத் தள்ளியிருக்கிறார். அதுவும் குமிழி முறைதான், பிழையான முறை இல்லை. ஆனால் கேள்வியில் அச்சாகி இருந்தது அது இல்லை.

இடமாற்றம் ஏன் சரியாக வந்தது என்பதும் விளங்கியது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், பக்கத்துப் பக்கத்து எண்களை மட்டும் மாற்றினால் மொத்தம் ஒன்றுதான். பெரியது சிறியதுக்கு முன்னால் நிற்கும் சோடிகள் எத்தனையோ, அத்தனை தரம் மாற்றத்தான் வேண்டும். இந்தப் பட்டியலில் அப்படி ஆறு சோடி. மூன்றாம் சுற்று முடியும்போது இரண்டு வழியிலும் பட்டியல் வரிசைக்கு வந்துவிடும். அதனால்தான் இவ்வளவு நேரமும் ஒருவரும் திட்டத்தைச் சந்தேகிக்கவில்லை.

இப்போது கேள்வியும் திட்டமும் தயாரித்த கற்பிட்டி ஆசிரியரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவரோ எதிர்ப்பக்கத்து மேசையில் தலையைக் குனிந்து திருத்திக்கொண்டிருந்தார். எல்லோர் முன்னாலும் கேட்டால் மனிதருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தேன். என் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போய், மெதுவாக, "சேர், இதை ஒருக்காப் பாக்கிறீங்களா?" என்றேன்.

அவர் பார்த்தார். விரல் நுனியை ஒவ்வொரு எண்ணிலும் வைத்து நகர்த்தினார். முதலாம் சுற்றின் பாதியிலேயே விரல் நின்றுவிட்டது. கேள்விப் பத்திரத்தை எடுத்துப் போலிக்குறிமுறையை வாசித்தார். முகம் மெதுவாகச் சிவந்தது. அவர் கோபப்படப் போகிறார் என்று நினைத்துக் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றேன்.

"என்ட பிழை டீச்சர்" என்றார். "ஆஸ்பத்திரியில வச்சுச் செஞ்சது."

"எந்த ஆஸ்பத்திரி?"

"சிலாபம். கேள்விய வீட்டுலயே எழுதிக் குடுத்திட்டன். திட்டம் எழுதணும் எண்டு கேட்ட கிழமைதான் இவளுக்குக் காய்ச்சல் கூடினது. வாட்டுல இவளுக்குச் சேலைன் ஏறுது, நான் பக்கத்துல இருந்து எழுதுறன். கேள்வித்தாள் கையில இல்ல. அஞ்சு நம்பரும் மனசுல இருந்திச்சி. நான் எப்பவும் கடைசியில இருந்து வாறதுதான் வழக்கம். பட்டியல மேல இருந்து கீழ எழுதினா, சின்னது குமிழி மாதிரி மேல வரும். பிள்ளையளுக்கும் அப்பிடித்தான் சொல்லிக் குடுப்பன். கை பழகின பக்கம் போயிரிச்சி."

அவர் குரலில் சாக்குச் சொல்லும் தொனி இல்லை. எங்கே சறுக்கியது என்று தானே தேடிக் கண்டுபிடித்தவர் போலச் சொன்னார். பிறகு மூலையில் இருந்த மகளைப் பார்த்தார். அவள் பிஸ்கட் பைக்கற்றைத் தூங்கும் பிள்ளையைப் போல மார்போடு அணைத்து வைத்திருந்தாள்.

அவர் எழும்பி நேராகப் பெரிய சேரிடம் போனார். "சேர், திட்டம் பிழை. மாத்தணும்."

அறையில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். பெரிய சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை கட்டு திருத்தி முடிஞ்சிது தெரியுமா? கையொப்பம் வச்ச திட்டம். ஆரு சொன்னது பிழையெண்டு?"

"நான்தான் சேர். பாத்தது டீச்சர். விளங்கப்படுத்துறன், போர்டுக்கு வாங்க."

அவர் கரும்பலகைக்குப் போய் அந்த ஐந்து எண்களையும் எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "டீச்சர், நீங்க கேள்வித்தாள்ள உள்ளத மட்டும் வரி வரியா வாசிங்க. நான் நீங்க சொல்றத மட்டும் செய்றன். எனக்குத் தெரிஞ்சத ஒண்டும் செய்ய மாட்டன்" என்றார்.

நான் வாசித்தேன். முதலாம் இடமும் இரண்டாம் இடமும். அவர் ஏழின் மீதும் மூன்றின் மீதும் சோக்கால் ஒரு வளைவு போட்டார். "முன்னால உள்ளது பெரிசா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லும் முன் மூலையிலிருந்து, "ஏழுதான் பெரிசு!" என்று ஒரு கீச்சுக் குரல் வந்தது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெரிய சேரும்தான்.

"அப்ப மாத்துவமா மகள்?" என்று கேட்டார் அவர்.

"மாத்துங்க வாப்பா."

அவர் அழித்து மாற்றினார். அதன் பிறகு நான் இடத்தைச் சொல்ல, பிள்ளை எது பெரிது என்று சொல்ல, அவர் செய்தார். ஏழும் ஒன்பதும் வந்தபோது அவள் கதிரையை விட்டு இறங்கி வந்து, "இது சரியா நிக்கிது, தொட வேணாம்" என்றாள். ஒன்பது ஒவ்வொரு இடமாக நகர்ந்து கடைசிக்குப் போனதும் அதன் கீழே அவர் ஒரு கோடு இழுத்தார். 3, 7, 2, 5, 9. இரண்டாம் சுற்றில் மூன்றும் ஏழும் சரி. ஏழும் இரண்டும் மாறின, ஏழும் ஐந்தும் மாறின. 3, 2, 5, 7, 9. மூன்றாம் சுற்றில் மூன்றும் இரண்டும் மட்டும் மாறின. 2, 3, 5, 7, 9.

"முடிஞ்சிது" என்றார் பெரிய சேர்.

"இன்னும் ஒருக்கா இருக்கு சேர்" என்றேன். "நாலாம் சுற்று. ஒண்டும் மாறாது. ஆனா போலிக்குறிமுறை போகச் சொல்லுது."

அவர் நாலாம் சுற்றும் போனார். இரண்டும் மூன்றும். மாற்றமில்லை. சோக்கை வைத்துவிட்டுக் கையைத் தட்டினார்.

பெரிய சேர் கரும்பலகையையும் திட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப என்ன செய்யிறது? ரெண்டு விடையையும் எடுத்துக்கொண்டா ஒருத்தருக்கும் நட்டமில்லையே" என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. திட்டம் எழுதிய அவர்தான் மறுத்தார். "கேள்வி 'மேலுள்ள போலிக்குறிமுறையின்படி' எண்டுதான் கேக்குது சேர். அதுப்படி வாறது இது ஒண்டுதான். மத்தத எடுத்தா, வாசிச்சுச் செஞ்ச பிள்ளைக்கும் வாசிக்காமச் செஞ்ச பிள்ளைக்கும் ஒரே புள்ளியாப் போகும்."

"உங்கட பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் எந்தப் பக்கத்தால வந்திருப்பாங்க?" என்று நான் கேட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

அவர் சிரித்தார். கவலையோடுதான் சிரித்தார். "கடைசியில இருந்துதான். நான் பழக்கின வழிதானே. இந்தக் கேள்வியில எல்லாருக்கும் புள்ளி போயிரும். திங்கக்கிழமை வகுப்புல நான்தான் சொல்லணும்."

அதுவரை அவரைப் பற்றி எனக்கு இரக்கம் மட்டும் இருந்தது. அந்தக் கணத்தில் வேறு ஒன்றும் வந்து சேர்ந்தது. அதற்கு நான் அப்போது பெயர் வைக்கவில்லை.

புதிய திட்டத்தை அங்கேயே கையால் எழுதி, பெரிய சேர் கையொப்பம் வைத்தார். தனியாக எடுத்து வைக்கச் சொன்ன என் கட்டைத் தானே தூக்கி வந்து என் மேசையில் வைத்து, "நல்லாப் படிப்பிச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார். திருத்தி முடிந்த கட்டுகளை எல்லோரும் பிரித்து அந்த ஒரு கேள்வியைத் திரும்பவும் பார்த்தோம். லுஹர் தொழுகைக்கு முன் முடியவில்லை. மற்றவர்கள் பள்ளிவாசலுக்குப் போனபோது, அவர் மகளை என்ன செய்வது என்று தயங்கி நின்றார்.

"போயிட்டு வாங்க சேர், நான் பாத்துக்கொள்றன்" என்றேன்.

அன்று உம்மா எனக்குச் சோற்றுப் பார்சல் கட்டித் தந்திருந்தா. பருப்பும், மரவள்ளிக்கிழங்கும், பொரித்த சூடை மீனும். பிரித்ததும் பிள்ளை பிஸ்கட்டை விட்டு என் பக்கத்தில் வந்து நின்றது. மீனில் முள் எடுத்து ஊட்டினேன். காய்ச்சலுக்குப் பிறகு அவள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று அவர் சொல்லியிருந்தார். அன்று கொடுத்ததை எல்லாம் சாப்பிட்டாள். பிறகு கை கழுவிவிட்டு, அந்தக் குடுமியை அவிழ்த்து, என் கைப்பையில் இருந்த சீப்பால் வாரி, இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் கட்டிவிட்டேன். அவர் திரும்பி வந்தபோது அதைப் பார்த்தார். பின்னேரம் போகும்போது, "டீச்சர், குடுமி எப்பிடிக் கட்டுறது எண்டு ஒரு நாளைக்குச் சொல்லித் தாங்க" என்றார்.

அதற்குப் பிறகு கூட்டங்களில் சந்தித்தால் கதைப்போம். திங்கட்கிழமை வகுப்பில் என்ன நடந்தது என்று சொன்னார். ஒரு மாணவி அழுதிருக்கிறாள். ஒருத்தன், "அப்ப நீங்க எங்களுக்குப் பிழையாத்தான் படிப்பிச்சீங்களா சேர்?" என்று நேரே கேட்டிருக்கிறான். அவர், "முறை பிழையில்ல, கேள்விய வாசிக்கப் பழக்காம விட்டது பிழை" என்று சொல்லி, அந்தக் கிழமை முழுக்க இரண்டு வழியாலும் கையால் செய்யவைத்திருக்கிறார். பிள்ளைகள் களைத்துப்போனார்களாம். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது.

சில மாதம் கழித்து ஒரு பின்னேரம் எனக்குத் தொலைபேசி எடுத்தார். பாடக் கூட்டம் பற்றித்தான் கதை போனது. முடியும் தருவாயில்தான் கேட்டார்.

"டீச்சர், உங்கட வீட்டுக்கு ஆளனுப்பினா கோவிப்பீங்களா?"

நான் பதில் சொல்லும் முன்பே அவர் அவசரமாகச் சொன்னார்: "வேணாம் எண்டா வேணாம். நான் பிள்ளையோட உள்ள ஆள். அத யோசிச்சுச் சொல்லுங்க. இப்ப சொல்ல வேணாம்."

"ஆரு வாறது?" என்று கேட்டேன்.

"பெரிய சேரும் அவர்ட வீட்டுக்காரியும் வாறம் எண்டு சொன்னாங்க."

"அப்ப வரச் சொல்லுங்க" என்றேன்.

உம்மாவுக்குச் சொல்வதுதான் பெரிய வேலை. ராத்தா கேட்ட உடனேயே, "ரெண்டாங் கலியாணமா? பிள்ளையும் இரிக்கா?" என்றா. உம்மா ராத்தாவைக் கையால் அமர்த்திவிட்டு என்னிடம் கேட்டா: "ஆள் எப்பிடி? அத மட்டும் சொல்லு."

எனக்கு அவரைப் பற்றி வேறு என்ன தெரியும்? கரும்பலகைக் கதையைச் சொன்னேன். உம்மாவுக்குப் பாடம் விளங்க வேண்டுமே என்று, குசினி மேசையில் எலுமிச்சைக் கூடையிலிருந்து சிறிதும் பெரிதுமாக ஐந்து தேசிக்காய்களை எடுத்து வரிசையாக வைத்து, பக்கத்துப் பக்கத்தில் மாற்றிக் காட்டினேன். வலப்பக்கத்தால் வந்தால் எப்படி, இடப்பக்கத்தால் வந்தால் எப்படி. உம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தா. எல்லாம் முடிந்ததும் கேட்டா: "அவர்ட பிள்ளையளுக்குப் புள்ளி போகும் எண்டு தெரிஞ்சும் அப்பிடிச் சொன்னாரா?"

"ஓம் உம்மா."

"எல்லாருக்கு முன்னாலயுமா?"

"ஓம்."

உம்மா தேசிக்காய்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டா. "பிள்ளைக்கு என்ன வயசு?" என்று கேட்டா. அவ சம்மதம் சொன்ன விதம் அதுதான்.

நிக்காஹ் எங்கள் வீட்டிலேயே நடந்தது, சின்னதாக. நான் இடமாற்றம் எடுத்துக் கற்பிட்டிக்குப் போனேன். வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே அவர்கள் வீடு. எந்நேரமும் காற்று. துணி காயப் போட்டால் இரண்டு கிளிப் போட வேண்டும். பிள்ளை என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள். முதல் ஆறு மாதம் நல்லாகத்தான் போனது. பிறகு ஒரு நாள் அவளுடைய உம்மாவின் புடைவை ஒன்றை நான் அலுமாரியில் வேறு தட்டுக்கு மாற்றி வைத்துவிட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் என் கையால் ஒன்றும் சாப்பிடவில்லை.

அவர் அவளை அதட்டப் போனார். நான் தடுத்தேன். மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டு, "எந்த இடத்துல இருந்திச்சோ அந்த இடத்துல நீங்களே வைங்க. நான் இனி அந்தத் தட்டத் தொட மாட்டன்" என்றேன். அவள் கதிரை போட்டு ஏறி, புடைவையை எடுத்து முகத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, பழைய இடத்தில் வைத்தாள். இறங்கிய பிறகு கேட்டாள்: "உங்கள சாச்சி எண்டு கூப்பிடட்டா?"

சாச்சி என்றால் உம்மாவின் தங்கச்சி. மௌத்தான பிறகும் அவளுக்கு உம்மா இருந்தா, இல்லாமல் போகவில்லை. நான் அந்த உம்மாவுக்குத் தங்கச்சியாக வந்தவள். ஆறேழு வயதுப் பிள்ளை அதை எப்படி யோசித்தாள் என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்று இரவு அவரிடம் சொன்னபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல பேர்தான்" என்றார்.

பிறகு எங்களுக்கு ஒரு மகனும் பிறந்தான். அவன் என்னை உம்மா என்பான், அவள் சாச்சி என்பாள். வீட்டுக்கு வரும் ஆட்கள் குழம்புவார்கள். எங்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை. தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவள் அவள்தான்.

போன வருடம் அவள் உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் நாள் வந்தது. வீட்டில் இரண்டு பேர் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறோம். அவள் எங்கள் பாடத்தைத்தான் எடுப்பாள் என்று அவர் உள்ளூர எதிர்பார்த்திருந்தார். வெளியே காட்டவில்லை. அவள் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்து, "வாப்பா, நான் உயிரியல் செய்யப் போறன். நேர்ஸ் ஆகணும். சிலாபத்துல என்னப் பாத்த நேர்ஸ் மிஸ் மாதிரி" என்றாள்.

"அந்த மிஸ்ஸ உனக்கு ஞாபகம் இரிக்கா?" என்று கேட்டார் அவர்.

"முகம் ஞாபகம் இல்ல. ஊசி போட முன்னுக்கு என்ட கையச் சூடாக்கி விட்டாங்க. அது ஞாபகம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சோற்றுக் கோப்பையை அவள் பக்கம் தள்ளினேன். "சரி, உயிரியல்" என்றார் அவர். "சாச்சி, ஆணமும் தாங்க" என்று அவள் குழம்புக்குக் கோப்பையை நீட்டினாள். கல்முனைப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் உயிரியல் ஆசிரியை பற்றியும், அவ எவ்வளவு கடுமையான ஆள் என்பதைப் பற்றியும் சொல்லத் தொடங்கினாள். சாப்பிட்டு முடிந்தும் வெகுநேரம் நாங்கள் எழும்பவில்லை.